ரெட் ஆக்சைடு தரை உள்ள ஹாலுக்கு 60-30-10: கணக்கைத் தரையிலிருந்து தொடங்குங்கள்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் நாங்கள் குடியிருப்பது பழைய வீடு. ஹாலில் பல வருடங்கள் கால் பட்டுப் பளபளப்பேறிய ரெட் ஆக்சைடு தரை. சென்ற ஆண்டு வீட்டுக்காரர் சுவருக்கு விருப்பமான நிறம் அடித்துக்கொள்ளச் சம்மதித்ததும், எனக்குப் பிடித்த இலைப்பச்சையை நான்கு சுவர்களிலும் அடித்தோம். அறையில் 60 சதவீதம் முதன்மை நிறம், 30 துணை நிறம், 10 எடுப்பான நிறம் என்ற 60-30-10 விதிப்படி சுவர் 60, சோபாவும் திரைச்சீலையும் 30, குஷன்கள் 10 என்று கணக்கு வைத்திருந்தேன். வேலை முடிந்த அன்று மாலை அந்த ஹாலில் பத்து நிமிடம்கூட நிம்மதியாக உட்கார முடியவில்லை. தரையை எந்தப் பங்கிலும் நான் சேர்க்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. சிவப்பும் பச்சையும் நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதை இன்னும் அழுத்தமாகக் காட்டும்.

இந்த விதியைப் புரிந்துகொள்ள ஒரு பட்டுப்புடவையை விரித்துப் பாருங்கள். உடல் பெரும்பங்கு, கரையும் முந்தானையும் அதற்குத் துணை, ஜரிகை கொஞ்சமே. அறையிலும் 60, 30, 10 என்பது அதே முறைதான். இனி வேலைக்கு வருவோம்.

படி 1: மாற்ற முடியாததை எழுதுங்கள்

தரை, தேக்குக் கதவு, ஜன்னல் சட்டம், விற்க மனமில்லாத பழைய அலமாரி. இவற்றின் நிறங்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் தரை செங்கல் சிவப்பு, மரச் சாமான்கள் எல்லாம் பழுப்பு. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் ஒரே பங்கில் வைத்தேன். வாடகை வீட்டில் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு மீதி இடத்தில்தான்.

படி 2: அளந்து பாருங்கள்

நான் தவறியது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஹால் 15 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவர்களும் சேர்ந்து 540 சதுர அடி. கதவு, ஜன்னல்களுக்கு 90 கழித்தால் 450. தரை 180. கூரை வெள்ளையாகவே இருக்கட்டும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆக மொத்தம் 630 சதுர அடி. இதில் 60 பங்கு என்றால் 378, 30 பங்கு 189, 10 பங்கு 63.

தரையின் 180-ஐ 189-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் வாங்கி வைப்பதற்கு முன்பே 30 பங்கு என் காலடியில் இருந்திருக்கிறது. அப்படியானால் சுவர், தரையோடு போட்டி போடாத நிறமாக இருக்க வேண்டும். வெளிர் சந்தன நிறத்துக்கு மாறினோம். பச்சையின் மேல் நேராக வெளிர் நிறம் அடித்தால் அடியில் இருக்கும் பச்சை தெரிந்துகொண்டே இருக்கும். பிரைமர் ஒரு கை, பிறகு பெயின்ட் இரண்டு கை என்று அடித்த பிறகே சுவர் தெளிந்தது. சோபாவுக்கும் சந்தன நிற உறையே போட்டோம். சோபா என்றால் 30-இல்தான் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அடுத்தது குஷன். 16 அங்குலக் குஷன் ஒன்றின் முகம் ஏறத்தாழ 1.8 சதுர அடி. ஐந்து குஷன் வைத்தாலும் 9 சதுர அடிதான். நமக்குத் தேவை 63. குஷன் மட்டும் வாங்கிவிட்டு 'பத்து பங்கு முடிந்தது' என்று நினைப்பவர்களின் ஹால் வெறிச்சென்று இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பங்கைத் தாங்க ஒரு பெரிய பொருள் வேண்டும். நான் 8 அடிக்கு 5 அடியில் மயில்கழுத்து நிறத்தில் தரைவிரிப்பு வாங்கினேன். அது 40 சதுர அடி. அம்மாவின் கிழிந்த மயில்கழுத்துப் பட்டுப்புடவையை வெட்டி ஐந்து குஷன்களுக்கும் உறை தைத்தேன். நீல நூலும் பச்சை நூலும் பாவும் ஊடுமாக ஓடும் துணி அது. ஜன்னல் பக்கம் நின்றால் நீலம், கதவுப் பக்கம் வந்தால் பச்சை. சுவரில் நான் ஆசைப்பட்ட பச்சை இப்படிச் சிறிய அளவில் வந்து சேர்ந்தது. மொத்தம் 49, அதாவது 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பங்கு குறைந்தால் பரவாயில்லை. கூடினால்தான் உடனே கண்ணை உறுத்தும்.

விரிப்பு 40 சதுர அடித் தரையை மறைத்துவிட்டதல்லவா? தரையில் மீதி 140. அதை ஈடுகட்ட இரண்டு ஜன்னல்களுக்கும் பாக்கு நிறத் திரைச்சீலை, ஒவ்வொன்றும் 28 சதுர அடி. 140-உம் 56-உம் சேர்ந்து 196. நமக்கு வேண்டிய 189-க்கு இது போதும். துணியைச் சிக்பேட்டையில் எடுத்தேன். போகும்போது தரையின் நிறத்துக்கு ஒத்த ஒரு செங்கல் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடை விளக்கில் நம்பி எடுக்காமல், துணியை வாசலுக்குக் கொண்டுவந்து செங்கல்லின் மேல் வைத்துப் பாருங்கள்.

படி 3: அட்டையில் அடித்துப் பாருங்கள்

நிறம் காட்டும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரையின் நிறம் சுவரில் வருவதில்லை. சின்ன டப்பா பெயின்ட் வாங்கி, பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கை அடித்துக் காயவிடுங்கள். சுவரிலேயே அடித்துப் பார்த்தால் சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். அட்டையைத் தரையோடு ஒட்டி நிமிர்த்தி வைத்து, காலை பத்து மணிக்கும் மாலை விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். சிவப்புத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரின் கீழ்ப்பகுதியில் லேசான இளஞ்சிவப்பாகப் படியும். எங்கள் முதல் சந்தன நிறம் அதனாலேயே சதை நிறமாகத் தெரிந்தது. மஞ்சள் குறைந்த இன்னொன்றுக்கு மாறினோம்.

படி 4: கட்டம் போட்டு எண்ணுங்கள்

வாசலில் நின்று கண் உயரத்தில் ஒரு படம் எடுத்து, தாளில் அச்சிட்டு, குறுக்கிலும் நெடுக்கிலும் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். நூறு கட்டங்கள் கிடைக்கும். கூரை விழுந்த கட்டங்களை விட்டுவிட்டு, மற்றவற்றில் எந்த நிறம் அதிகமோ அதன் பங்கில் எண்ணுங்கள். படத்தில் கண்ணுக்கு அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழுவதால் பங்குகள் அப்படியே வராது. அதனால் இரண்டு மூலைகளிலிருந்து எடுத்துச் சராசரி பாருங்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். பவானி ஜமக்காளம் விரிக்கலாமா? தாராளமாக. ஆனால் பல நிறப் பட்டைகள் இருந்தால் எது தூக்கலாகத் தெரிகிறதோ அந்த நிறத்தையே குஷனுக்கு எடுங்கள், இல்லாவிட்டால் அது நான்காவது பங்காக நிற்கும்.

இன்னொருவர் வீட்டில் வெளிர் டைல்ஸ் தரை. அங்கே தரை 60 பங்கோடு சேர்ந்துவிடும், 30 காலியாக இருக்கும். எங்கள் அளவு ஹாலாக இருந்தால், கதவும் ஜன்னலும் இல்லாத நீளமான சுவர் ஒன்றுக்கு மட்டும் அழுத்தமான நிறம் கொடுங்கள். அதுவே 150 சதுர அடி. மீதி 39-ஐ ஒரு ஜன்னலின் திரைச்சீலையும் ஒரு சின்ன மர மேசையும் எடுத்துக்கொள்ளும்.