15 பார் மெஷின் வாங்கியும் எஸ்பிரசோ ஏன் தண்ணியாக வருகிறது?

புதிதாக எஸ்பிரசோ போடுபவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் இவை. பொடி போடும் பாஸ்கெட்டைக் கழுவாமல் விடுவது மாதிரி சில்லறை விஷயங்களுக்குள் போகவில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் பாரை நம்புவது

பார் என்பது அழுத்தத்தின் அளவு. இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். நண்பர் ஒருவர், காபி புளிக்கிறது என்று 15 பார் மெஷினைத் தள்ளிவிட்டு 20 பார் மெஷின் வாங்கினார். பொடி மட்டும் கடையில் அரைத்து வாங்கிய அதே பொடி. புளிப்பும் அப்படியே இருந்தது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல காபி கிரைண்டர் வந்திருக்கும்.

எஸ்பிரசோவுக்கு அழுத்தம் வேண்டும் என்பது உண்மைதான். அரை நிமிடத்துக்குள் கொஞ்சம் தண்ணீரில் சாறு முழுக்க இறங்க வேண்டுமென்றால் பொடி ரொம்ப நைசாக இருக்கணும், அவ்வளவு நைசான பொடிக்குள் தண்ணீர் தானாக இறங்காது. பழைய இத்தாலிய மெஷின்கள் நீராவியால் தள்ளின. அதில் அழுத்தத்தைக் கூட்டினால் தண்ணீரின் சூடும் ஏறி காபி தீய்ந்துவிடும். 1940களின் இறுதியில் நீராவிக்குப் பதில் லீவரால் பிஸ்டனை இயக்கித் தண்ணீரைத் தள்ளும் காஜ்ஜியாவின் மெஷின் வந்து அந்தச் சிக்கலைத் தீர்த்தது. இன்றைய பொது வழக்கம் 9 பார்.

ஆனால் அந்த 9 பாரை பம்ப் தனியாக உண்டாக்குவதில்லை. பாஸ்கெட்டில் பொடி போடாமல் மெஷினை ஓட்டிப் பாருங்கள், அழுத்தம் காட்டும் கேஜ் முள் பெரிதாக அசையாது. ஓட்டையில்லாத பாஸ்கெட்டைப் போட்டால் விறுவிறுவென்று ஏறும். பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது, அழுத்திய பொடி, அதாவது பக், தடுக்கிறது, அந்தத் தடுப்பில்தான் அழுத்தம் பிறக்கிறது. பெட்டியில் போடும் 15, 20 எல்லாம் பம்பின் உச்ச வரம்பு, கோப்பைக்கு வரும் கணக்கு இல்லை.

18 கிராம் பொடி, 36 கிராம் காபி என்று வைத்துக்கொள்வோம். 12 வினாடியில் கொட்டி முடிந்து, முள் 4 பாரிலேயே நின்றால் புளிப்பும் வெறுமையும்தான் மிஞ்சும். எடையைத் தொடாமல் அரைப்பை மட்டும் ஒரு படி நைசாக்குங்கள், அப்புறம் இன்னொரு படி. 25, 30 வினாடிக்கு வரும்போது முள்ளும் 9க்குப் பக்கத்தில் வந்திருக்கும். அதையும் தாண்டி நைசாக்கினால் சொட்டுச் சொட்டாக விழும், கசக்கும். அப்போது அழுத்தத்தைக் கூட்டியும் பயனில்லை, பக் இன்னும் இறுகிக்கொள்ளும்.

பொடியைக் கட்டியோடு அழுத்துவது

கட்டி இருந்தால் தடுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, தண்ணீர் தடுப்பு குறைந்த இடத்தைத் தேடிப் பாயும். ஏறிய முள் நடுவில் திடீரென இறங்கும், காபி ஒரு பக்கமாகப் பீய்ச்சும். பாய்ந்த இடத்தில் அதிகமாக இறங்கியதால் கசப்பு, மற்ற இடத்தில் இறங்காததால் புளிப்பு, ரெண்டும் ஒரே கோப்பையில். அழுத்தும் முன் மெல்லிய ஊசியால் அடிவரை கிளறிச் சமன் செய்யுங்கள்.

பொடியை அழுத்தும் டேம்பரை முழு பலத்தோடு அமுக்குவது

வேண்டாம். நேராக அமுக்கினால் போதும்.

பழைய கொட்டை

தடுப்பு குறையும். அரைப்பை இன்னும் நைசாக்குங்கள், இல்லையென்றால் புதுசு வாங்குங்கள்.