அது குருட்டாறு இல்லை: சன்னலோரப் படத்தை வரைபடத்தோடு பொருத்தும்போது வரும் தவறுகள்

மாலை ஐந்து மணிக்குச் சாங்கியிலிருந்து கிளம்பிய விமானம். எனக்கு இடப்பக்கச் சன்னல். இருபது நிமிடம் கழித்துக் குனிந்து பார்த்தால், ஜொகூரின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இடியாப்பம் பிழிந்து வைத்தாற்போல் ஓர் ஆறு. அதில் ஒரு வளைவு முழு வட்டமாகவே மூடிக்கொண்டு, வெயிலில் தகடுபோல் மின்னியது. உடனே படம் எடுத்தேன். இறங்கியதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "குருட்டாறு பாருங்க" என்று எழுதினேன். உயர்நிலைப் பள்ளியில் புவியியல் படிக்கும் அக்கா மகன் ஒரே வரியில் கேட்டான்: "ஆக்ஸ்போ லேக்கா? எந்த ஆறு மாமா?"

பதில் கண்டுபிடிக்க மூன்று இரவு ஆனது. ஆறு மூவார். ஆறு பாதை மாறி ஓட, கைவிட்ட பழைய வளைவு தனி ஏரியாகக் கிடப்பதுதான் குருட்டாறு. நான் குருட்டாறு என்று சொன்னது குருட்டாறே இல்லை. அந்த மூன்று இரவில் நான் செய்த தவறுகளைத்தான் பெரும்பாலோர் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் தவறு நேரத்தில். படம் எங்கே எடுக்கப்பட்டது என்று அறிய, எடுத்த நேரத்தை விமானத்தின் தடத்தோடு ஒப்பிட வேண்டும். விமானத் தடம் காட்டும் தளங்களில் நிமிட வாரியாக இடம் கிடைக்கும், ஆனால் பல தளங்களில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். சிங்கப்பூர் நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் கழிக்க வேண்டும். நான் செய்ததோ வேறு. கைப்பேசியில் இருந்த மூலப்படத்தை விட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் போன பிரதியைத் திறந்து நேரம் பார்த்தேன். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது, எடுத்த நேரமும் இடமும் கழன்றுபோய்விடும். கோப்பில் மிஞ்சுவது அது வந்துசேர்ந்த நேரம்தான். இன்னொருவர் எடுத்த படத்தைத் தேடுவதானால், அதை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். விவரம் அப்படியே வரும். விமானம் நிமிடத்துக்குப் பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் ஓடுகிறது. ஐந்து நிமிடம் பிசகினால் எழுபது கிலோமீட்டர் தள்ளிப்போய் வேறொரு ஆற்றைத் துழாவிக்கொண்டிருப்பீர்கள். ஊருக்குப் போகும் ஆசையில் ஏறியதுமே இந்திய நேரத்துக்கு மாற்றிவிடும் பழக்கம் உள்ளவர்கள், அந்த இரண்டரை மணி நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது தவறுதான் என்னை உண்மையில் கவிழ்த்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

செயற்கைக்கோள் படம் ஏறக்குறைய நேர் மேலிருந்து எடுத்தது. சன்னல் படம் சாய்வாகப் பார்த்தது. விமானம் ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, வளைவு அடிவானத்துக்குக் கீழே இரண்டு கைமுட்டி அளவில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கையை நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டி சுமார் பத்து பாகை. ஆக இருபது பாகைக்குச் சற்று மேல். அப்படியானால் அந்த வளைவு நமக்கு நேர் கீழே இல்லை, இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் பக்கவாட்டில் இருக்கிறது. நான் முதல் இரவு முழுக்க விமானத் தடத்துக்கு நேர் கீழே தேடினேன். கிடைக்குமா?

இடம் தள்ளிப்போவது ஒன்று. உருவம் நசுங்குவது இன்னொன்று. அந்தச் சாய்வில் நம்மை நோக்கிய திசையில் உள்ள நீளம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கித் தெரியும், குறுக்குத் திசையில் உள்ள அகலம் அப்படியே நிற்கும். வட்டத் தோசையை மேசை மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. வட்டமான வளைவு தட்டையான முட்டையாகும். வளைவின் இரு கரங்களும் நெருங்கும் இடத்தைக் கழுத்து என்பார்கள். அந்தக் கழுத்து நம் பார்வைத் திசையில் அமைந்துவிட்டால், நடுவில் இருக்கும் நிலம் நசுங்கி, இரு கரங்களும் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். எனக்கு நடந்தது அதுதான். வரைபடத்தில் அந்தக் கழுத்து திறந்தே இருந்தது, உள்ளே எண்ணெய்ப்பனை வரிசைகூடத் தெரிந்தது. ஆறு இன்னும் அந்த வளைவைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு எளிய மாற்று உண்டு. கூகல் எர்த்தில் வரைபடத்தை நேர் மேலிருந்து பார்ப்பதை விடுங்கள். விமானம் இருந்த இடத்துக்குப் போய், பார்வையைச் சன்னல் பக்கமாகத் திருப்பி, திரையைச் சாய்த்துப் பாருங்கள். என் படத்தோடு அது பொருந்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு முன் இரண்டு இரவு வீண்.

இன்னொன்று, தண்ணீரில் தெரிந்த அந்த மினுமினுப்பு. சூரியன் மேற்கே தாழ்ந்திருக்க, நானும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி எதிரே சூரியன் இருந்தால் ஆறு, குளம், வாய்க்கால், மழை தேங்கிய வயல் எல்லாம் ஒரே வெள்ளியாக மின்னும். எது ஓடுகிறது, எது தேங்கியிருக்கிறது என்று பிரிக்க நிறம்தான் முதல் துப்பு. மினுமினுப்பு அதை அழித்துவிடுகிறது. அரை நிமிடம் பொறுத்து, மினுமினுப்பு நகர்ந்தபின் இன்னொரு படம் எடுத்திருக்க வேண்டும்.

சரி, உண்மையான குருட்டாறு எப்படி இருக்கும்? அதைக் கண்ணுக்குப் பழக்கப்படுத்தாமல் தேடப் போவதே மூன்றாவது தவறு. பார்த்துப் பழக நல்ல இடம் சாபாவின் கினபாத்தாங்கான் ஆறு. சாபாவின் மிக நீளமான ஆறு அதுதான், சுமார் 560 கிலோமீட்டர். தேடல் பெட்டியில் `5.41, 118.04` என்று கொடுத்தால் டானாவ் கிராங் என்ற பகுதிக்குப் போவீர்கள். அங்கே ஆறு தே தாரிக் நிறத்தில் கலங்கி ஓடும். சுற்றியுள்ள காட்டில் ஆற்றைவிட்டுப் பிரிந்து கிடக்கும் பிறைகளோ கரும்பச்சை, சில கோப்பி ஓ போலக் கறுப்பு. ஓட்டம் நின்றதும் வண்டல் அடியில் படிந்துவிடுவதால் வரும் வேற்றுமை அது.

நிறத்தைவிட உறுதியான சோதனை அகலம். குருட்டாறு என்பது ஆறு கைவிட்ட பழைய பாதை. ஆகவே அதன் அகலமும் வளைவும் பக்கத்து ஆற்றின் அகலத்துக்கும் வளைவுக்கும் ஒத்துப்போக வேண்டும், இரு முனையும் ஆற்றைப் பார்த்து நிற்க வேண்டும். ஆற்றைவிட மூன்று மடங்கு அகலமான பிறை வடிவக் குளம் என்றால் சந்தேகப்படுங்கள்; பழைய ஈயச் சுரங்கக் குட்டையாகவோ இறால் பண்ணையாகவோ இருக்கலாம். மற்றொரு துப்பு, வளைவின் உள்பக்கத்தில் அடுக்கடுக்காகத் தெரியும் வரிகள். ஆறு வெளிக்கரையை அரித்து, உள்கரையில் மணலைச் சேர்த்து, ஆண்டாண்டாக நகர்ந்த தடம் அவை. காடு அழிந்து தோட்டமான இடத்தில் அந்த வரிகள் மறைந்துபோயிருக்கும், அதனால் வரி இல்லை என்பதற்காக மட்டும் குருட்டாறு இல்லை என்று தள்ளிவிடக் கூடாது.

கடலோரத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு. ஜொகூர் ஆற்று முகத்துவாரத்தின் சதுப்புநில ஓடைகளும் நெளிந்து நெளிந்துதான் போகின்றன. ஆனால் அவை கடலை நெருங்க நெருங்கப் புனல்போல் அகலமாகும், ஏனென்றால் ஓதம் உள்ளும் வெளியும் ஓடி அவற்றை அகழ்கிறது. மேட்டிலிருந்து வரும் ஆற்று வளைவு பெரும்பாலும் ஒரே அகலத்தில் இருக்கும்.

இங்கேயே ஒரு வேடிக்கை. பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு வளைந்து போவதைக் காட்டி, "நம்ம ஊர் ஆற்று வளைவு" என்று பிள்ளைகளிடம் சொல்லாதவர் இல்லை. 2012-இல் முடிந்த அந்தப் பணியில் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாய் 3.2 கிலோமீட்டர் நெளியும் ஆறாக மாறியது. வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 1.2. ஆற்றின் நீளத்தை நேர்த் தொலைவால் வகுத்து 1.5 வந்தால்தான் வளைந்தோடும் ஆறு என்று ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அழகான ஆறுதான், நானே வாரம் தவறாமல் அங்கே நடக்கிறேன். ஆனால் கரையைச் செடியும் கல்லும் வைத்துக் கட்டிவிட்டதால் அந்த வளைவு நகராது, குருட்டாறும் பிறக்காது.

கடைசித் தவறு பின்னலாற்றில். திருச்சி விமானத்தில் வந்த ஒரு நண்பர் கொள்ளிடத்தைப் படமெடுத்து, "இங்கே மணல்திட்டு வடிவம் வரைபடத்தோடு ஒத்துவரவே இல்லை, இது வேறு ஆறு" என்று சாதித்தார். கோடையில் கொள்ளிடம் அகன்ற மணற்படுகையில் பல கீற்றுகளாகப் பிரிந்து சேரும்; பின்னலாறு என்பது அதுதான். வெள்ளம் வந்தால் ஒரே நீர்ப்பரப்பு. வெள்ளம் வடிந்ததும் திட்டுகள் வேறு இடத்தில் இருக்கும். கூகல் வரைபடத்தில் நாம் பார்ப்பதோ வெவ்வேறு நாளில் எடுத்த துண்டுகளை ஒட்டியது. ஓர் ஓரம் பிப்ரவரியாகவும் பக்கத்துத் துண்டு நவம்பராகவும் இருக்கலாம். மணல்திட்டை வைத்து அடையாளம் பார்ப்பது, கடற்கரையில் காலடித் தடத்தை வைத்து ஆளைத் தேடுவதுபோல்.

நகராதவற்றைப் பிடிக்க வேண்டும்: பாலம், அணை, ஆறுகள் பிரியும் இடம், பாறைக் குன்று. திருச்சியில் அதற்குப் பஞ்சமே இல்லை. மேற்கே முக்கொம்பு, அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு நடுவில் ஸ்ரீரங்கம் தீவு, கிழக்கே கல்லணை. இரண்டு தனிப் படுகையில் ஓடும் காவிரியையும் கொள்ளிடத்தையும் சேர்த்துப் பின்னலாறு என்பதும் தவறுதான். பின்னல் என்பது ஒரே படுகைக்குள் நடப்பது, கொள்ளிடப் படுகைக்குள் தெரியும் கீற்றுகள் போல.

ஆனால் நகராதவையும் சிலசமயம் நகர்ந்துவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பின் கொள்ளிடக் கதவணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு அருகிலேயே புதியது கட்டினார்கள். நண்பரின் படத்தில் இருந்தது புதியது. அவர் பார்த்த வரைபடத் துண்டில் அது இல்லை. கூகல் எர்த்தின் பழைய படங்களைக் காட்டும் கடிகாரக் குறியை அழுத்தி ஆண்டை முன்னே நகர்த்தியதும் கதவணை வந்து நின்றது. திட்டுகளையும் ஒப்பிட ஆசைப்பட்டால், ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் அவர் பறந்த வாரத்தைத் தேட வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்பதால் ஆள் தெரியாது, திட்டு நன்றாகவே தெரியும். மழை மாதமானால் முதல் மூன்று நான்கு படத்தில் மேகம்தான் இருக்கும்.