செம்பருத்தி இலை வெயிலில் சமைத்ததை அயோடினால் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு தொட்டிச் செம்பருத்தி, மருந்துக்கடையில் கிடைக்கும் இரண்டு பாட்டில்கள், நல்ல வெயிலடிக்கும் ஒரு நாள். இவை இருந்தால், இலை தண்ணீரையும் காற்றையும் கொண்டு உணவு தயாரித்துச் சேமிப்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். 1860-களில் ஜெர்மன் தாவரவியலாளர் யூலியஸ் சாக்ஸ் கையாண்ட அதே வழிதான். மாவுச்சத்தின் மேல் அயோடின் பட்டால் கருநீலமாகும். மாவுச்சத்து இல்லாத இடம் அயோடினின் பழுப்பு மஞ்சளிலேயே நிற்கும்.

முதலில் கணக்கு. இலைக்குள் நடப்பதைச் சுருக்கி இப்படி எழுதுவார்கள்:

```
6CO2 + 6H2O → C6H12O6 + 6O2
```

எடையாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 264 கிராம் கரியமில வாயுவும் 108 கிராம் தண்ணீரும் சேர்ந்தால் 180 கிராம் குளுக்கோஸும் 192 கிராம் ஆக்ஸிஜனும் வரும். அந்த 180 கிராமில் 72 கிராம் கார்பன். அது முழுக்கக் காற்றிலிருந்து வந்தது. செடி தன் உடம்பை மண்ணைத் தின்று வளர்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மண்ணிலிருந்து அது எடுப்பது தண்ணீரும் கொஞ்சம் உப்புச் சத்துகளும்தான். இத்தனைக்கும் காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 0.04 சதவீதம் மட்டுமே.

வாங்க வேண்டியவை

மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் 100 மில்லி, போவிடோன் அயோடின் சொல்யூஷன் ஒரு சிறிய பாட்டில். அயோடினில் 'ஸ்க்ரப்' என்று எழுதியதை வாங்க வேண்டாம், அதில் சோப்பு கலந்திருக்கும். ஒரு ஸ்பூன் சொல்யூஷனுக்கு நான்கைந்து ஸ்பூன் தண்ணீர் ஊற்றி, தேநீர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். இலையில் விடுவதற்கு முன் ஒரு பருக்கைச் சோற்றில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உடனே கருத்தால் கரைசல் சரியாக இருக்கிறது. கருக்காவிட்டால் மருந்து பழசு, இலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இவற்றோடு அலுமினியத் தாள், கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள், நான்கைந்து ஜெம் கிளிப், ஒரு எவர்சில்வர் டம்ளர், அது உள்ளே நிற்கும் அளவுக்கு ஒரு பாத்திரம் வேண்டும்.

செம்பருத்திக்குப் பதில் அவரை, காசித்தும்பை போன்ற மெல்லிய இலைச் செடிகளும் நன்றாக வரும். வெங்காயத் தாளில் முயல வேண்டாம். அது தயாரித்த உணவைப் பெரும்பாலும் சர்க்கரையாகவே வைத்துக்கொள்ளும், மாவுச்சத்தாக்குவதில்லை. அதனால் ஒளிச்சேர்க்கை நன்றாக நடந்திருந்தாலும் அயோடின் கருக்காது.

படி 1: இலையைக் காலி செய்தல்

தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றி, வெளிச்சம் புகாத அறையிலோ அலமாரியிலோ 48 மணி நேரம் வையுங்கள். பாடப்புத்தகத்தில் 24 மணி நேரம் என்றும் இருக்கும். தடித்த, முதிர்ந்த இலைகளுக்கு இரண்டு நாள்தான் நம்பிக்கை. இருட்டில் உணவு தயாராகாது. ஆனால் செடி உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்காக இலையில் உள்ள மாவுச்சத்தைக் கரைத்துச் சர்க்கரையாக்கிச் செலவழித்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் இலை கிட்டத்தட்டக் காலியாகிவிடும்.

எடுத்தவுடன் ஒரே ஒரு இலையைப் பறித்து, கீழே சொல்லும் முறையில் சோதியுங்கள். அது மஞ்சள் பழுப்பாக இருந்தால் மேலே தொடரலாம். கருத்தால் இன்னொரு நாள் இருட்டில் வைக்க வேண்டும். பலர் இந்த ஒரு இலையைச் சோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு எல்லா இடமும் கருத்து நிற்கும்போது, அது இன்றைய வெயிலில் வந்ததா, முந்தைய நாளின் மிச்சமா என்று சொல்ல வழியே இருக்காது.

படி 2: வெயிலில் வைத்தல்

காலை எட்டு மணிக்குள் மூன்று இலைகளைத் தயார் செய்யுங்கள். நுனியில் இருக்கும் இளந்தளிரும் அடியில் மஞ்சளாகிக்கொண்டிருக்கும் இலையும் வேண்டாம். நடுவில் உள்ள, முழுதாக விரிந்த இலைகளாகப் பாருங்கள்.

முதல் இலையின் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு அலுமினியத் தாளைச் சுற்றுங்கள், மேல்பக்கம் அடிப்பக்கம் இரண்டும் மறையும்படி. கிளிப் போட்டு இறுக்குங்கள். இரண்டாவது இலையில் அதே அகலத்துக்குக் கண்ணாடித் தாளைச் சுற்றி அதே போல் கிளிப் போடுங்கள். மூன்றாவதை எதுவும் செய்யாமல் அடையாள நூல் மட்டும் கட்டிவிடுங்கள்.

கண்ணாடித் தாள் எதற்கு என்று தோன்றும். அலுமினியத் தாள் வெளிச்சத்தை மட்டுமா மறைக்கிறது? காற்றையும்தான் ஓரளவு தடுக்கிறது. இலை கரியமில வாயுவை இழுப்பது, பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும் இலைத்துளைகள் வழியாக. தாளுக்கு அடியில் மாவுச்சத்து இல்லையென்றால் காரணம் இருட்டா, காற்றில்லாமையா? கண்ணாடித் தாளும் காற்றை அதே அளவு தடுக்கும், ஆனால் வெளிச்சத்தை விட்டுவிடும். அதன் அடியில் இலை கருத்து, அலுமினியத்தின் அடியில் கருக்காமல் இருந்தால், காரணம் வெளிச்சம்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். கண்ணாடித் தாளின் அடியிலும் நிறம் மங்கலாக இருந்தால் தாளை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள்.

செடியை ஐந்தாறு மணி நேரம் நேர் வெயிலில் விடுங்கள். தொட்டி காயக் கூடாது. தண்ணீர் போதாத செடி, ஆவியாவதைக் குறைக்க இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அப்போது கரியமில வாயுவும் உள்ளே வராது. சுள்ளென்று வெயில் இருந்தும் சோதனை தோற்பதற்குப் பெரும்பாலும் இந்த வாடல்தான் காரணம்.

அந்த ஐந்தாறு மணி நேரத்தில் நடப்பது

இலையின் செல்களில் பசுங்கணிகங்கள் என்ற பச்சை உருண்டைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் அடுக்கடுக்கான மெல்லிய சவ்வுகள், சவ்வில் பச்சையம். வெளிச்சம் பட்டதும் அந்தச் சவ்வில் தண்ணீர் உடைகிறது. ஆக்ஸிஜன் வெளியேறுகிறது, கிடைத்த ஆற்றல் ஏ.டி.பி. முதலிய மூலக்கூறுகளில் தங்குகிறது. வெளியேறும் ஆக்ஸிஜன் தண்ணீரிலிருந்து வருவது, கரியமில வாயுவிலிருந்து அல்ல. 1941-ல் அமெரிக்காவில் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் காமனும் எடை கூடிய ஆக்ஸிஜன் அணுக்களைத் தண்ணீரில் சேர்த்து இதைக் காட்டினார்கள்.

அடுத்த வேலை சவ்வுகளைச் சுற்றியுள்ள திரவத்தில். சேமித்த ஆற்றலைக் கொண்டு கரியமில வாயு சிறிய சர்க்கரைத் துண்டுகளாகிறது. இதற்கு வெளிச்சம் நேரடியாகத் தேவையில்லை என்பதால் 'இருள் வினை' என்று பெயர் வந்துவிட்டது. இரவில் நடக்கும் வேலை என்று அதைப் புரிந்துகொண்டால் தவறு. வெளிச்சம் போன சிறிது நேரத்தில் ஆற்றல் தீர்ந்து இதுவும் நின்றுபோகும்.

சர்க்கரையில் ஒரு பகுதி செல்லை விட்டு வெளியேறி வேர், மொட்டு, தளிர் என்று பயணப்படும். மிச்சம் பசுங்கணிகத்திலேயே மாவுச்சத்து மணிகளாகக் கட்டப்படும். சர்க்கரையாகவே குவித்தால் அது கரைந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். மாவுச்சத்து கரையாது, ஓர் ஓரமாகக் கிடக்கும். அயோடின் தேடிப் பிடிப்பது இந்த மணிகளைத்தான்.

படி 3: பச்சையை நீக்குதல்

இந்தப் படியில் பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும், அதன் ஆவியும் தீப்பிடிக்கும்.

இலைகளைப் பறித்ததும் தாள்களை நீக்குங்கள். எது எந்த இலை என்று தெரிய, ஒன்றின் காம்பைக் குட்டையாக வெட்டுங்கள், ஒன்றின் நுனியைக் கிள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போடுங்கள். செல்கள் செத்து, சவ்வுகள் உடைந்து, அயோடின் நுழைய வழி கிடைக்கும். செம்பருத்தி கொழகொழவென்று ஆவது இயல்பு. வெந்நீரில் அலசிவிடுங்கள்.

இப்போது அடுப்பை அணையுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னல் திறந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அதன் பிறகுதான் ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் இலைகள் மூழ்கும் அளவு ஸ்பிரிட் ஊற்றி, டம்ளரை வெந்நீருக்குள் நிறுத்துங்கள். ஸ்பிரிட்டில் உள்ள ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் வெந்நீரின் சூடே போதும். பத்து நிமிடத்தில் ஸ்பிரிட் கரும்பச்சையாகும், இலை வெளிறும். நரம்போரம் பச்சை மிச்சமிருந்தால், வேறிடத்தில் காய்ச்சிய வெந்நீரை மாற்றி ஊற்றிப் புது ஸ்பிரிட்டில் இன்னொரு முறை வையுங்கள்.

வெளியே எடுத்த இலை அப்பளம் போல மொடமொடவென்று இருக்கும், ஸ்பிரிட் அதன் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. சூடான தண்ணீரில் முக்கினால் மெத்தென்றாகிவிடும். முக்காமல் விரித்தால் உடையும்.

படி 4: அயோடின்

வெள்ளைத் தட்டில் இலைகளை விரித்து, கரைசலை முழுதும் படும்படி ஊற்றி மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு தண்ணீரில் மெதுவாக அலசி, தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மூன்றாவது இலை முழுதும் கருநீலம். கண்ணாடித் தாள் சுற்றியதும் ஏறக்குறைய அப்படியே. அலுமினியம் சுற்றிய இலையில் மட்டும் குறுக்கே ஒரு மஞ்சள் பழுப்புப் பட்டை.

பட்டையின் ஓரம் கலங்கலாக இருந்தால் தாள் தளர்ந்து வெளிச்சம் கசிந்திருக்கிறது. கறுப்பும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால் படி 3-ல் அவசரப்பட்டுவிட்டீர்கள். மூன்று இலையும் வெளிறியே இருந்தால் மேகமூட்டமா, வாடலா என்று பாருங்கள். பறித்த இலையை மறுநாள்வரை வைத்திருந்தாலும் இப்படி ஆகும், ஏனென்றால் பறித்த பிறகும் இலை சில மணி நேரம் உயிரோடிருந்து சேமிப்பைத் தின்னும்.

வெள்ளையும் பச்சையும் கலந்த இலையுள்ள செம்பருத்தி கிடைத்தால், தாள் எதுவும் சுற்றாமல் வெயிலில் வைத்துச் சோதியுங்கள். ஸ்பிரிட்டில் போடும் முன் எங்கே பச்சை, எங்கே வெள்ளை என்று இலையைக் காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டும், பிறகு எல்லாம் ஒரே வெளிறலாகிவிடும். பச்சை இருந்த இடம் மட்டும் கருக்கும்.

கூடுதலாக இன்னொன்று: சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு இலையும், மறுநாள் விடிவதற்கு முன் அதே கிளையில் அடுத்த இலையும் பறித்துச் சோதியுங்கள். மாலை இலை நன்றாகக் கருக்கும், விடியல் இலை மிகவும் வெளிறியிருக்கும். மாவுச்சத்து இரவெல்லாம் சர்க்கரையாகக் கரைந்து, கொஞ்சம் இலையின் சுவாசத்துக்கும் மீதி மொட்டுக்கும் வேருக்கும் போயிருக்கும்.