கல்லு வெச்ச மாம்பழமா, தானா பழுத்ததா? கடையில நின்னே பாக்குற முறை

சித்திரை பொறந்தாலே எல்லா வீட்லயும் இந்தக் கேள்விதான், மாம்பழம் வாங்கலாமா, கல்லு வெச்சிருப்பாங்களான்னு. நெட்ல தேடினா பத்து டிப்ஸ் வருது, அதுல பாதி தப்பு. அதனால ஒரே ஒரு ரகத்தை, பங்கனப்பள்ளியை, எடுத்துக்கிட்டு கடையில எதை முதல்ல பாக்கணும், அப்புறம் எதைன்னு வரிசையா சொல்றேன். நம்ம ஊர்ல அதிகமா விக்கிறதும் அதுதான், அதிகமா மாட்டுறதும் அதுதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் மனசுல பதிஞ்சிடணும். மாம்பழம் உள்ள இருந்து வெளிய பழுக்கும். கொட்டையை ஒட்டின சதைதான் முதல்ல மஞ்சளாகும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து கடைசியாதான் தோல்ல கலர் தெரியும். அப்போ தானா பழுத்த பழத்துல தோல் மஞ்சளா இருக்குன்னா உள்ள வேலை ஏற்கனவே முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். கல்லு வெச்ச பழத்துல தோல் முந்திக்கும், உள்ள பிந்திக்கும். இனி நான் சொல்லப்போற கலர், வாசனை, அமுக்கிப் பாக்குறது எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடிக்கத்தான்.

கல்லுன்னா கால்சியம் கார்பைட், வெல்டிங் கடைல கேஸ் உண்டாக்குவாங்களே அதே கல்லு. சின்ன பொட்டலமா பேப்பர்ல மடிச்சு மாங்காய்க்கு நடுவுல வெச்சு மூடிடுவாங்க, காத்துல இருக்குற ஈரம் பட்டதும் அசிட்டிலின் கேஸ் வரும், அது பழத்தை ஏமாத்தி ஒண்ணு ரெண்டு நாள்லயே மஞ்சளாக்கிடும். சந்தைக்கு வர்ற அந்தக் கல்லு சுத்தமானது கிடையாது, ஆர்செனிக், பாஸ்பரஸ் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும், அதனாலதான் இதை வெச்சுப் பழுக்க வைக்கிறது இந்தியா முழுக்க தடை. எத்திலின்ங்கிறது வேற. அது பழமே தனக்குள்ள உண்டாக்கிக்கிற கேஸ். ரைப்பனிங் சேம்பர்ல 100 பிபிஎம் வரைக்கும் எத்திலின் விடலாம்னு மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2016ல அனுமதி குடுத்திருக்கு. நல்லா முத்தின காயை எத்திலின் சேம்பர்ல வெச்சா அது கிட்டத்தட்ட தானா பழுத்த மாதிரியேதான் இருக்கும், கண்ணால பிரிச்சு சொல்ல முடியாது, பயப்படவும் வேண்டாம். நம்ம தேடுறது கல்லு வெச்சதையும், முத்தாத காயைப் பறிச்சு அவசரமா மஞ்சளாக்கினதையும்தான்.

முதல் ஸ்டெப்: கலருக்கு முன்னாடி தோளைப் பாருங்க

எல்லாரும் நேரா கலரைத்தான் பாப்பாங்க. பழத்தைக் காம்பு மேல இருக்குற மாதிரி நிமித்திப் பிடிங்க. முத்தின பங்கனப்பள்ளில காம்பு இருந்த இடம் சின்னக் குழியா உள்ள போயிருக்கும், ரெண்டு பக்கத் தோளும் காம்பைவிட மேல எழும்பியிருக்கும், கன்னம் ரெண்டும் நல்லா உப்பியிருக்கும். முத்தாத காயில காம்பு மேல துருத்திக்கிட்டு இருக்கும், தோள் அங்கிருந்து சறுக்கிக்கிட்டு கீழ இறங்கும். கல்லு கலரை மாத்தும், ஆனா தோளை மேல தூக்கிவிடாது. அதனால இது பொய் சொல்லாத அடையாளம். பளீர்னு மஞ்சளா இருந்து தோள் சரிஞ்சிருந்தா அது வெம்பின பழம், எப்படிப் பழுக்க வெச்சிருந்தாலும் புளிக்கத்தான் செய்யும், வாங்காதீங்க.

ரெண்டாவது: கலர்ல என்ன பாக்குறது

ஒரு பழத்தைப் பாக்காம மொத்தக் குவியலையும் பாருங்க. ஒரே மரத்துல காய்ச்ச காய்ங்க கூட ஒரே நாள்ல பழுக்காது, அதனால தானா பழுத்த குவியல்ல ஒண்ணு நல்ல தங்க மஞ்சள், ஒண்ணு அரைப் பழம், ஒண்ணு காம்புப் பக்கம் இன்னும் பச்சைன்னு கலந்துதான் இருக்கும். பெட்டி முழுக்க ஒரே எலுமிச்சம்பழ மஞ்சளா, பெயின்ட் அடிச்ச மாதிரி இருந்தா சந்தேகப்படலாம். ஆனா இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, சேம்பர் பழமும் ஒரே சீரா மஞ்சளாத்தான் வரும், அப்போ தோளும் வாசனையும்தான் தீர்ப்பு சொல்லணும்.

கருப்புப் புள்ளியைப் பாத்து நிறைய பேர் பயந்து வெச்சிடுறாங்க. சின்னச் சின்னதா சிதறின கருப்புப் புள்ளி தானா பழுத்த பழத்துலயும் வரும், அது மரத்துலயே ஒட்டிக்கிட்ட பூஞ்சை, பழுக்கும்போதுதான் வெளிய தெரியும். வேற மாதிரி ஒண்ணு இருக்கு, ஒரு பக்கம் மட்டும் வெந்த மாதிரி பழுப்பா ஒரு திட்டு. கல்லுப் பொட்டலம் ஒட்டிக்கிட்டிருந்த இடம் அப்படி ஆகுறது உண்டு. அப்படிப் பாத்தா காம்புக் குழியையும் பாருங்க. மாம்பழத்துக்கு இயற்கையாவே மேல லேசா சாம்பல் பூத்த மாதிரி ஒரு பூச்சு உண்டு, அது மெலிசா பழம் முழுக்க பரவியிருக்கும், விரலால தேச்சா போயிடும். கல்லு கரைஞ்ச சாம்பல் அப்படி இல்ல, சுண்ணாம்புப் பொடி மாதிரி குழிக்குள்ளயும் பெட்டி அடியில இருக்குற பேப்பர்லயும் தங்கியிருக்கும். அதை நாக்குல வெச்சுப் பாக்குற வேலை எல்லாம் வேண்டாம்.

இன்னொண்ணு, ரகம் தெரியாம கலரை நம்பாதீங்க. இமாம்பசந்த் நல்லாப் பழுத்தாலும் பச்சையாத்தான் இருக்கும். அது முழு மஞ்சளா வந்தாதான் ஏன்னு கேக்கணும்.

மூணாவது: வாசனை

காம்பு இருந்த இடத்துல மூக்கை வெச்சுப் பாருங்க, வேற எங்கயும் பாத்துப் பிரயோஜனம் இல்ல. தானா பழுத்ததுல அந்த இடத்துலதான் வாசனை தூக்கும். முத்தாத காயை ரெண்டு நாள்ல மஞ்சளாக்கினா கலர் வந்துடும், வாசனை வர்றதுக்கு நேரமே இருந்திருக்காது. அதனால மஞ்சள் பழம், மோந்தா ஒண்ணுமே இல்ல, இல்லன்னா பச்சைக் காய் வாடை அடிக்குதுன்னா வெச்சிடுங்க. சில சமயம் மூடின பெட்டியைத் திறந்த உடனே லேசா பூண்டு நாத்தம் வரும், அது கல்லுல இருக்குற அழுக்கில இருந்து வர்ற கேஸோட வாடை. வந்தா கண்டிப்பா வாங்காதீங்க. வரலைன்னா கல்லு இல்லைன்னு அர்த்தம் இல்ல, ஏன்னா பெட்டியைப் பிரிச்சுக் காத்தோட்டமா பரப்பிட்டா அந்த வாடை போயிடும். கோல்டு ஸ்டோரேஜ்ல இருந்து வந்த சில்லுன்னு இருக்குற பழத்துலயும் வாசனை அடங்கித்தான் இருக்கும், கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்து மோந்து பாருங்க.

நாலாவது: அமுக்கிப் பாக்குறது

கட்டைவிரலால குத்தாதீங்க, பழமும் கெடும் கடைக்காரரும் கோவிச்சுக்குவார். உள்ளங்கையில பழத்தை வெச்சு விரல் எல்லாத்தையும் சேத்து மெதுவா அணைச்சு, காம்புப் பக்கம், நடு, மூக்குப் பக்கம்னு மூணு இடத்துல பாருங்க. தானா பழுத்தது மூணு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இளகும். கல்லு வெச்சது ஒரு பக்கம் கொழகொழன்னும் இன்னொரு பக்கம் கல்லாட்டமும் இருக்கும், இல்லன்னா மேல லேசா இளகி உள்ள கெட்டியா தடுக்கும். இந்தத் தடுக்குற உணர்ச்சி ஒரு சீசன் பழகினா கைக்குத் தானா வந்துடும்.

அஞ்சாவது: ஒண்ணை வெட்டச் சொல்லுங்க

மேல சொன்ன நாலையும் ஒரு பழத்துல ஓட்டிப் பாப்போம். ஏப்ரல் ஆரம்பம், சீசன் இன்னும் சூடு பிடிக்கல, ஒரு வண்டில பங்கனப்பள்ளி முழு மஞ்சளா அடுக்கியிருக்கு. கையில எடுத்தா தோள் சரிஞ்சிருக்கு, காம்பு துருத்தியிருக்கு. மோந்தா வாசனை இல்ல. அணைச்சா மூக்குப் பக்கம் கொழகொழன்னு, தோள்ப் பக்கம் கெட்டியா இருக்கு. இங்கேயே விட்டுட்டுப் போயிடலாம், ஆனா சந்தேகம் தீரணும்னா "அண்ணே ஒரு கீத்து போட்டுக் குடுங்க, நல்லா இருந்தா ரெண்டு கிலோ எடுத்துக்கிறேன்"னு கேளுங்க. நல்ல சரக்கு வெச்சிருக்கவங்க பெரும்பாலும் தயங்காம அறுத்துக் குடுப்பாங்க. அறுத்தா தோலுக்குக் கீழ ஒரு சுத்து மஞ்சள், கொட்டையை நெருங்க நெருங்க வெளுத்து வெள்ளையாகுது, கத்தி கொட்டை ஓட்டுக்குள்ள சுலபமா இறங்குது. முத்தின பழமா இருந்தா ஓடு மரக்கட்டை மாதிரி கத்தியைத் தடுத்திருக்கும், சதை கொட்டை வரைக்கும் ஒரே கலரா இருந்திருக்கும். இந்தப் பழம் முத்தாம பறிச்சதுன்னு இனி சந்தேகமே வேண்டாம். கல்லா வேற மருந்தான்னு கண்ணால சொல்ல முடியாது, அதுக்கு லேப்தான், ஆனா வாங்கக்கூடாதுன்னு முடிவெடுக்க இது போதும்.

தண்ணில போட்டுப் பாக்குறது, தீக்குச்சி எல்லாம்?

மிதந்தா கெமிக்கல், மூழ்கினா இயற்கைன்னு சொல்றாங்களே, அது பாதிதான் சரி. முத்தின மாங்காய் தண்ணியைவிடக் கொஞ்சம் கனம், அதனால மூழ்கும், முத்தாதது மிதக்கும். தண்ணி சொல்றது முத்தினதா இல்லையான்னுதான், கல்லு வெச்சதா இல்லையான்னு இல்ல. முத்தின காய்க்குக் கல்லு வெச்சாலும் அது மூழ்கத்தான் செய்யும். பெட்டிகிட்ட தீக்குச்சி கொளுத்திப் பாக்குறதை மட்டும் செய்யவே செய்யாதீங்க, நிஜமாவே அசிட்டிலின் இருந்தா குப்புனு பிடிச்சுக்கும்.

சந்தேகம் தீரலைன்னா என் சாய்ஸ் எப்பவுமே காயா வாங்குறதுதான். தோள் எழும்பின, தண்ணில மூழ்குற காயா பொறுக்கி, வைக்கோல்லயோ அரிசிப் பானைலயோ, ரெண்டும் இல்லன்னா நியூஸ்பேப்பர் விரிச்ச அட்டைப்பெட்டிலயோ ஒண்ணுக்கு மேல ஒண்ணு அழுத்தாம அடுக்கி வைங்க. சீக்கிரம் ஆகணும்னா ஒரு பழுத்த வாழைப்பழத்தைக் கூட போட்டு மூடுங்க, அதுல இருந்து வர்ற எத்திலினே போதும். வெயில் காலத்துல நாலு நாள்ல இருந்து ஒரு வாரத்துக்குள்ள பழுத்துடும். தினம் ஒரு தடவை திறந்து, பழுத்ததை எடுத்துட்டு அழுகினதைத் தூக்கிப் போட்டுடுங்க. ஒரு வாரமாகியும் பழுக்காம தோல் மட்டும் சுருங்க ஆரம்பிச்சா அது முத்தாத காய், ஊறுகாய்க்கோ பச்சடிக்கோ போட்டுடலாம்.

கடையில வாங்கினது எதுவா இருந்தாலும் ஓடுற தண்ணில காம்புக் குழி வரைக்கும் தேச்சுக் கழுவி, தோலைச் சீவிட்டுச் சாப்பிடுங்க. கழுவினா மேல ஒட்டினது போகும், உள்ள பழுக்காதது பழுக்காதுதான். சாப்பிடும்போது நாக்கோ தொண்டையோ எரிஞ்சா அத்தோட நிறுத்திட்டு, மீதிப் பழத்தைக் கவர்ல போட்டு வெச்சு உங்க மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகத்துல கடை இருக்குற இடத்தைச் சொல்லிப் புகார் குடுங்க, அந்தக் கடையோட சரக்கை சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புற அதிகாரம் அவங்களுக்குத்தான் இருக்கு.