குழந்தை தனியே சொல்ல ஓர் உறங்குநேர வேண்டுதல்: எழுதும் முறை

நான்கு வயதுக் குழந்தை ஒரு பாட்டில் பெரும்பாலும் வரியின் தொடக்கத்தில்தான் தடுக்கி நிற்கும். முதல் சொல் கிடைத்துவிட்டால் மீதி தானே வரும். ஆகவே, வரிக்கடைசியில் ஒலிக்கும் இயைபைவிட, வரியின் முதற்சொல்லில் இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகையே தனியாகச் சொல்லும் குழந்தைக்குக் கைகொடுக்கும்.

பாலக்கோட்டுக்கு அருகே, ஆட்டுப்பட்டியை ஒட்டிய வீட்டில் வளரும் என் தங்கை மகளுக்காக எழுதியதையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன்.

முதலில், சொல்லவேண்டியதை நான்கு செய்திகளுக்குள் அடக்குங்கள். என் முதல் வரைவில் "இருட்டில் பயமில்லை" என்று ஒரு வரி இருந்தது. அதைக் கேட்டதும் அவள், "மாமா, இருட்டுல என்ன வரும்?" என்று கேட்டாள். அச்சத்தை மறுப்பதற்காகக்கூட அச்சத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்று அன்றே அந்த வரியை நீக்கிவிட்டேன்.

அடுத்து, எதுகைச் சொற்களை இரண்டிரண்டாகச் சேருங்கள். முதலெழுத்து இரண்டிலும் குறிலாகவோ இரண்டிலும் நெடிலாகவோ இருக்கவேண்டும்: கண்ணை–எண்ணெய், ஆட்டு–வீட்டு. நான்கு வரிக்கும் ஒரே எதுகை வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தை முதல் வரியிலிருந்து மூன்றாம் வரிக்குத் தாவி, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கண்ணை மூடிப் படுத்தேன், சாமி;
எண்ணெய் விளக்காய் நில்லு, சாமி;
ஆட்டுக் குட்டி தூங்குது, சாமி;
வீட்டில் எங்கள் காவல், சாமி.

வரிக்கு நான்கு சீர்தான். மழலையில் சிதையும் ர, ற, ழ மூன்றும் இதில் இல்லை. முதலில் எழுதிய "உறங்குது" என்பதைத் "தூங்குது" என மாற்றியதற்கும் அதுவே காரணம். எதுகை மாறும் இரண்டாம் வரியின் முடிவில்தான் குழந்தை நிற்கும் என்பதால், அடுத்துவரும் மூன்றாம் வரியின் தொடக்கத்தில் அதன் கண்ணுக்கும் காதுக்கும் பழகிய ஒன்று வரவேண்டும். அவளுக்குப் பட்டியிலிருந்து வரும் குட்டியின் கத்தலே அந்த வரியை நினைவூட்டியது.

கற்றுக்கொடுக்கும்போது கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். முதல் மூன்று வரிகளை நீங்கள் சொல்ல, நான்காவதை மட்டும் குழந்தை சொல்லட்டும். அது தடையின்றி வந்தபின் மூன்றாம் வரியையும் அதனிடம் விடுங்கள். இப்படிச் சென்றால், குழந்தை எப்போதும் தெரியாததிலிருந்து தெரிந்ததை நோக்கியே நடக்கும்.

நான்கு வரியும் வந்துவிட்டதாகத் தோன்றினாலும் உடனே நம்பிவிடாதீர்கள், ஏனெனில் பல குழந்தைகள் நம் உதட்டசைவைப் பார்த்தே சொல்லும். விளக்கை அணைத்துவிட்டு, வாசற்படிக்கு வெளியே நின்று கேளுங்கள். எந்த வரியில் குரல் தேய்கிறதோ, அந்த வரியின் முதற்சொல்லைத்தான் மாற்றவேண்டும்.