உழவர் கம்பெனிக்குப் பெயர் மாற்றிய கதை

எங்கள் கம்பெனியின் முதல் பெயர் வட்டாரப் பெயரில் தொடங்கி 'ஒருங்கிணைந்த உழவர் உற்பத்தியாளர்' என்று நீண்டது. மொத்த வியாபாரியின் பேரேட்டில் நாங்கள் வெறும் 'எஃப்.பி.ஓ. துவரை', அதாவது ஏதோ ஓர் உழவர் உற்பத்தியாளர் அமைப்பின் துவரை. பக்கத்து வட்டாரத்தாரும் அந்தப் பேரேட்டில் அதே பெயரில்தான் இருந்தார்கள். எங்கள் சரக்கு பிடித்துப்போய் மறுபடி கேட்டவர், அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்.

புதுப் பெயருக்கு உறுப்பினர்களையே கேட்டோம். 'பொலி' என்றார் ஒரு பெரியவர். நெல் தூற்றும்போது சொல்கிற சொல், கூட்டமே சிலிர்த்தது. ஆனால் ஆங்கிலத்தில் Poli என்று எழுதினால் 'போலி' என்றும் படிக்கலாம். சாக்கில் அப்படி அச்சானால் யார் வாங்குவார்? மனசே இல்லாமல் விட்டோம்.

அடுத்து வந்தது 'களத்துமேடு'. லாரி இரைச்சலுக்கு நடுவே நின்று ஐந்து வியாபாரிகளுக்குப் போன் செய்து, ஒரே ஒரு முறை சொல்லி, எழுதச் சொன்னேன். மறுநாள் கேட்டபோது நாலு பேர் சரியாகச் சொன்னார்கள்.

கம்பெனிப் பதிவுத் தளத்திலும் வணிகச் சின்னத் தேடலிலும் அதே பெயரோ, ஒலி ஒத்த பெயரோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டோம். சட்டப்படி கடைசியில் 'புரொடியூசர் கம்பெனி லிமிடெட்' வந்தே ஆக வேண்டும். அது பில்லில் இருக்கட்டும். சாக்கில் 'களத்துமேடு' மட்டும் பெரிய எழுத்தில். பான், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர் மாற்ற அலைந்ததுதான் பெரும்பாடு. கம்பெனியை முதன்முதலில் பதிவு செய்வதற்கு முன்பே இந்தப் போன் சோதனையைச் செய்திருக்க வேண்டும்.

இப்போது எங்கள் பெண்கள் காலிச் சாக்கைக்கூட எழுத்து வெளியே தெரிய மடித்து வைக்கிறார்கள்.