மூன்று உறுப்பு வரை பொய் சொல்லாத சூத்திரம்

மார்த்தாண்டம் பக்கம் டியூஷனில் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொகுத்தறிதல் தொடங்கும்போது இந்தக் கணக்கைத்தான் கொடுப்பேன். வட்டமான ஓர் ஆப்பத்தை நேர்க்கோடாக வெட்டினால் அதிகபட்சம் எத்தனை துண்டு வரும்? வெட்டாவிட்டால் 1, ஒரு வெட்டுக்கு 2, இரண்டு வெட்டுக்கு 4. அதற்குள் பின்வரிசையிலிருந்து "8, 16" என்று சத்தம் வந்துவிடும். n−1 வெட்டுக்குக் கிடைக்கும் துண்டுகளை aₙ என்று வைத்து, நோட்டில் aₙ = 2ⁿ⁻¹ என்றும் ஏறிவிடும். ஆனால் மூன்றாவது வெட்டுக்கு 7 துண்டுதான்.

n-ஆவது வெட்டு, முந்தைய n−1 வெட்டுகளையும் வேறுவேறு புள்ளிகளில் தாண்டினால் n துண்டுகளைப் பிளக்கும். அதற்கு மேல் முடியாது. ஆகவே விதி: a₁ = 1, aₙ₊₁ = aₙ + n.

தவறாக யூகித்ததில் குற்றமில்லை. அந்தத் தவறான யூகத்தையே 'நிரூபித்து' விடுகிறார்களே, அதுதான் சிக்கல். aₖ = 2ᵏ⁻¹ என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வரியில் k இருந்த இடத்தில் k+1 போட்டு aₖ₊₁ = 2ᵏ, எனவே நிரூபணம் முடிந்தது என்று கோடு போட்டுவிடுவார்கள். "மக்கா, விதியில இருந்த அந்த '+ n' எங்க போச்சு?" என்று கேட்டால் பதில் இருக்காது. காட்ட வேண்டியதையே எழுதிவைத்தால் எந்தச் சூத்திரமும் பாஸாகும்.

விதியைப் போட்டுப் பாருங்கள்: aₖ₊₁ = 2ᵏ⁻¹ + k. இது 2ᵏ ஆக வேண்டுமானால் k = 2ᵏ⁻¹ ஆக வேண்டும். k = 1, 2 இரண்டுக்கு மட்டும்தான் அது நடக்கும். மூன்று உறுப்புகள் பொருந்தியதும் நான்காவது உதைத்ததும் ஏன் என்பது இந்த ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது.

சரியான யூகத்துக்கு, உறுப்புகளைக் கூட்டிச் சுருக்காமல் 1, 1+1, 1+1+2, 1+1+2+3 என்றே எழுதி வையுங்கள். aₙ = 1 + n(n−1)/2 தானாகக் கண்ணில் படும். இப்போது 1 + k(k−1)/2 + k = 1 + k(k+1)/2; படி தேறிவிட்டது.

அப்புறம், n = 1 சோதனையைச் சடங்கு என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. 6 + n(n−1)/2 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன படியில் இதுவும் ஒரு பிசகில்லாமல் தேறும். ஆனால் n = 1 போட்டால் 6 வருகிறது; வெட்டாத ஆப்பம் ஒன்றுதானே?

விதியே தராமல் "1, 2, 4, … பொது உறுப்பைக் கண்டு நிரூபி" என்று மட்டும் கேள்வி வந்தால், நிரூபிக்க அங்கே எதுவும் இல்லை. 2ⁿ⁻¹, 1 + n(n−1)/2 இரண்டுமே பொருந்தும். எதனோடும் (n−1)(n−2)(n−3) கூட்டினால் இன்னொன்றும் கிடைக்கும். aₖ-இலிருந்து aₖ₊₁-க்குப் போக விதி வேண்டும். அது இல்லாத கேள்விக்குத் தொகுத்தறிதலைத் தொடவே வேண்டாம்.